தீட்டு நின்று பல வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம்: அம்மாக்களும் மகள்களும் கேட்ட கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் மகளிர் நல மருத்துவராக இருக்கிறேன். அறுபது வயது அம்மாக்கள் பலர் இந்த விஷயத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். முழங்கால் வலி, சுகர் மாத்திரை, பேத்தியின் சீர் எல்லாம் பேசி முடித்து, எழுந்து கதவு வரை போய், "இன்னொண்ணுங்கம்மா" என்று திரும்புவார்கள். அந்த இன்னொன்றைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். கீழே இருப்பவை அவர்களும், அவர்களைக் கூட்டி வரும் மகள்களும் மருமகள்களும் கேட்டவை.

"எனக்குத் தீட்டு நின்னு ஒன்பது வருசம் ஆச்சுங்க. போன வாரம் பாவாடைல ஒரு ரூவா காசு அளவுக்கு கறை. ஒரே நாள்தான், அப்புறம் இல்ல. இதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு வரோணுமா?"

வரவேண்டும். இரண்டு வாரத்துக்குள் வந்தால் நல்லது.

மாதவிடாய் என்பது கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதாமாதம் வளர்ந்து, பிறகு உதிர்ந்து வெளியே வருவது. அதை வளர்ப்பது சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். சூலகம் ஓய்ந்த பிறகு அந்தச் சவ்வு வளர்வதில்லை, மெல்லியதாகச் சுருங்கி அப்படியே கிடக்கும். உதிர்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்படியிருக்க ரத்தம் வந்தால், அது எங்கிருந்தோ, ஏதோ ஒரு காரணத்தால் வந்திருக்கிறது. அந்த இடத்தையும் காரணத்தையும் தேடிப் பார்க்காமல் விட முடியாது.

கறை சிறியது என்பதோ ஒரே நாளில் நின்றது என்பதோ எதையும் சொல்லாது. கர்ப்பப்பைக்குள் ஒரு கட்டி இருந்தால் அதன் மேல்பகுதி சட்டென்று உதிரும் தன்மையில் இருக்கும். சிறு ரத்தக்குழாய் ஒன்று உடையும், நாலு சொட்டு வரும், உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். அப்புறம் மூன்று மாதம் ஒன்றுமே தெரியாது. கட்டி உள்ளேயே இருக்கும். நேர்மாறாக, வெறும் வறட்சியால் சிவப்பாகக் கொஞ்சம் அதிகமாகவே படுவதும் உண்டு. ரத்தத்தின் அளவை வைத்து எங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இளஞ்சிவப்பாக வந்தாலும், காப்பித்தூள் நிறத்தில் வந்தாலும், வெள்ளைப்படுதலில் கோடு மாதிரி கலந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

"அப்ப எனக்குக் கேன்சருங்களா?"

பெரும்பாலும் இருக்காது. இப்படி ரத்தம் பட்டு வரும் 100 பேரைப் பரிசோதித்தால் சுமார் 9 பேருக்குத்தான் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்றுநோய் தெரிகிறது. மீதிப் பேருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் பிறப்புறுப்பும் உள்சவ்வும் மெலிந்து, காய்ந்து, லேசாகக் கிழிந்து ரத்தம் கசிவது. சிலருக்குக் கர்ப்பப்பைக்குள் காம்பில் தொங்கும் சிறு சதை இருக்கும், அதை பாலிப் என்போம். சிலருக்கு உள்சவ்வு தேவையில்லாமல் தடித்திருக்கும்.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 100 பேருக்கு 90 பேர் அளவில் இந்த ரத்தத்தைக் கண்டிருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இவ்வளவு சீக்கிரமாக, வெளிப்படையாக அடையாளம் காட்டும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. மார்புக் கட்டியைத் தடவித் தேட வேண்டும். இது தானாகவே பாவாடையில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் வந்துவிட்டால், பெரும்பாலும் நோய் கர்ப்பப்பையைத் தாண்டியிருக்காது.

"எனக்கு நாப்பத்தொன்பது. எட்டு மாசம் வராம இருந்துட்டு இப்ப வந்திருக்குது. இதுவும் அந்தக் கணக்குத்தானா?"

இல்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றது என்று சொல்வோம். நிற்கப்போகும் காலத்தில் தள்ளித் தள்ளி வருவது சகஜம். ஆனால் மிக அதிகமாகப் போவது, பத்து நாளுக்கு மேல் நீள்வது, நடுவில் நடுவில் படுவது என்று இருந்தால் 12 மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அதற்கும் வரவேண்டும். ஒரு வருடம் முழுதாகத் தாண்டிவிட்டால் அதன் பிறகு ஒரு சொட்டும் கணக்குத்தான்.

"சித்திரை வெயில்ல களத்துல நின்னேனுங்க. சூட்டுக்குத்தான் பட்டிருக்கும்னு எங்க நங்கை சொல்றாங்க."

மஞ்சள் வேக வைக்கும் அடுப்புப் பக்கம் நின்றது, எள்ளுருண்டை சாப்பிட்டது, பப்பாளி சாப்பிட்டது, தறியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தது என்று இதற்குப் பல காரணங்கள் கேட்டிருக்கிறேன். சூட்டினால் நீர்க்கடுப்பு வரலாம், உடம்பில் நீர் வற்றலாம். கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் வராது.

இந்தப் பேச்சில் எனக்கு உண்மையான கவலை என்னவென்றால், இது பலித்த மாதிரியே தெரியும். இளநீரும் வெந்தயமும் சாப்பிடுவார்கள், ரத்தம் நிற்கும். முன்பே சொன்னபடி அது இளநீர் குடிக்காமல் இருந்தாலும் நின்றிருக்கும். ஆனால் "போன தடவையும் இப்படித்தான் சரியாச்சு" என்று அடுத்த முறையும் இளநீரிலேயே போய்விடும். இளநீர் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு வாருங்கள்.

"பண்டிகைக்குக் கம்பம் நட்டிருந்த நேரம். தீட்டுன்னு தெரிஞ்சா கோயிலுக்கு வராதேம்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. தப்புங்களா?"

உங்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: இது தீட்டே இல்லை. மாதவிடாய் நின்றவருக்கு மாதவிடாய் வராது. கையில் காயம் பட்டு ரத்தம் வருவது மாதிரி, இதுவும் உடம்பின் ஓர் இடத்திலிருந்து வரும் ரத்தம். திரும்ப வந்துவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவதும் உண்டு. "இளமை திரும்புதுங்களா" என்று ஓர் அம்மா கேட்டார். இல்லை, திரும்பாது.

இந்த மறைப்பு எவ்வளவு நாளைத் தின்றுவிடும் என்பதற்கு ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன், ஊரும் பேரும் இல்லாமல். வயது 62. மாதவிடாய் நின்றது 52-ல். எடை 78 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்குத் தீர்த்தக்குடம் எடுக்க வேண்டுதல். விரதம் இருந்த வாரத்தில் பாவாடையில் பழுப்பாக ஒரு கறை. சொன்னால் குடம் எடுக்க முடியாது. துவைத்துக் காயப்போட்டுவிட்டு எடுத்தார். ஆடியில் மறுபடியும் இரண்டு நாள். சூடு என்று விட்டார். புரட்டாசியில் மருமகள், ஊறவைத்த துணியில் கறையைப் பார்த்துக் கேட்க, அப்போதுதான் வாய் திறந்தார். முதல் கறைக்கும் என் அறைக்கும் நடுவே ஆறு மாதம்.

பிறப்புறுப்பும் கர்ப்பப்பை வாயும் பார்வைக்கு நன்றாக இருந்தன. ஸ்கேனில் உள்சவ்வின் தடிமன் 13 மில்லிமீட்டர். அந்த வயதில், ரத்தம் பட்டவருக்கு 4-க்குள் இருக்க வேண்டும். அன்றே மெல்லிய குழாய் வைத்து உள்சவ்வில் சிறிது சதை எடுத்து அனுப்பினோம். பத்து நாளில் ரிப்போர்ட்: உள்சவ்வுப் புற்றுநோய், மெதுவாக வளரும் வகை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கர்ப்பப்பைச் சுவரின் தசையில் பாதி ஆழத்துக்குள்ளேயே இருந்தது. சிறு துளை வழியாகக் கர்ப்பப்பை, இரண்டு கருக்குழாய், இரண்டு சூலகம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். எடுத்ததைப் பரிசோதித்ததிலும் முதல் நிலைதான் என்று உறுதியானது. கதிர்வீச்சோ கீமோவோ தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார்.

ஆறு மாதத் தாமதத்துக்கு இவ்வளவு நல்ல முடிவு கிடைத்தது அது மெதுவாக வளரும் வகை என்பதால். வேகமாகப் பரவும் வகையும் இருக்கிறது. எது நம்முடையது என்று சதையை எடுத்துப் பார்க்கும் வரை தெரியாது. தசையின் பாதி ஆழத்தைத் தாண்டியிருந்தால் கதிர்வீச்சு பற்றிய பேச்சு வந்திருக்கும், அதற்கு வாரக்கணக்கில் நடக்க வேண்டும்.

எடையை ஏன் சொன்னேன் என்றால், சூலகம் ஓய்ந்த பிறகும் உடம்புக் கொழுப்பு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும். அதைச் சமன் செய்யும் புரோஜெஸ்டரோன் இந்த வயதில் கிடையாது. தனியாக நிற்கும் ஈஸ்ட்ரோஜன் சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு பெருத்தவர், சர்க்கரை உள்ளவர், குழந்தை பிறக்காதவர், 55 தாண்டி மாதவிடாய் நின்றவர், மார்புப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டவர், அக்கா தங்கைக்கோ அம்மாவுக்கோ கர்ப்பப்பை அல்லது பெருங்குடல் புற்றுநோய் வந்தவர், இவர்களெல்லாம் ஒரு கறைக்கே உடனே கிளம்ப வேண்டும். ஒல்லியானவர், மற்றவர் நிதானமாக வரலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

"மெடிக்கல்ல ரத்தம் நிக்கிற மாத்திரை குடுத்தாங்க. போட்டேன், நின்னுருச்சு. இனி வேண்டாமில்ல?"

இனிமேல்தான் வேண்டும். கடையில் கொடுப்பது பெரும்பாலும் ரத்தம் உறைய வைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், இல்லையென்றால் நார்எத்திஸ்டெரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. முதலாவது கசிவை அடைக்கிறது, காரணத்தைத் தொடுவதில்லை. இரண்டாவது இன்னும் சிக்கல்: உள்சவ்வின் உருவத்தையே அது மாற்றும். அதன் பிறகு சதை எடுத்துப் பார்த்தால் நோயியல் மருத்துவர் குழம்ப வாய்ப்புண்டு. போட்டுவிட்டீர்கள் என்றால் திட்டு விழும் என்று மறைக்க வேண்டாம். அட்டையை அப்படியே கையில் கொண்டு வந்து கொடுங்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அந்தத் தகவல் பரிசோதனைச் சீட்டில் எழுதப்பட வேண்டும்.

"இப்பப் பட்டுக்கிட்டு இருக்குதுங்க. நின்னு தலைக்கு ஊத்திக்கிட்டு வரட்டுமா?"

இந்தக் காத்திருப்பினால் கைவிட்டுப் போனவர்கள் நிறைய. பட்டுக்கொண்டிருக்கும்போதே வாருங்கள். எங்களுக்கு அது அருவருப்பும் இல்லை, இடைஞ்சலும் இல்லை. ரத்தம் இருக்கும்போது பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்பது நேரடியாகத் தெரியும்: கர்ப்பப்பை வாயின் நடுத்துளையிலிருந்தா, வாயின் மேலிருந்தா, பிறப்புறுப்புச் சுவரிலிருந்தா என்று. ஸ்கேனும் அப்போதே எடுக்கலாம்.

சிலருக்கு ரத்தம் சிறுநீரிலா, மலத்திலா, நடுவிலா என்றே குழப்பமாக இருக்கும், வயதானவர்களுக்கு இது சகஜம். சிறுநீர் கழித்து நன்றாகக் கழுவிய பிறகு வெள்ளைத் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கறை எந்த இடத்தில் இருக்கிறது, அடுத்த முறை சிறுநீர் சிவப்பாகப் போனதா என்று பாருங்கள். மகளை போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னாலும் போதும். சிறுநீரில் ரத்தம் என்றால் அதற்கும் பரிசோதனை வேண்டும், வேறு டாக்டரிடம். மணிக்கு ஒரு பேட் நனையும் அளவு போனாலோ, தலைசுற்றினாலோ அன்றே வரவேண்டும், ராத்திரியாக இருந்தாலும்.

"அங்க என்னங்க பண்ணுவாங்க? அதைச் சொல்லிட்டீங்கன்னா பயம் பாதி போயிரும்."

முதலில் கேள்விகள்: எப்போது நின்றது, எப்போது பட்டது, என்னென்ன மாத்திரை, வீட்டில் யாருக்கு என்ன நோய். பிறகு ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிறப்புறுப்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்ப்போம். நம் பக்கத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இருக்கிறது, அதனால் இதை ஒருபோதும் தாண்டிப் போகக்கூடாது. ஸ்கேன் மட்டும் எடுத்து, உள்ளே கண்ணால் பார்க்காமல் அனுப்பிவிட்டால், வாயில் இருக்கும் புண் தப்பிவிடும். உங்களை அப்படி அனுப்பினால், "உள்ளே பார்க்கலீங்களா" என்று நீங்களே கேளுங்கள். உலர்ந்த இடத்தில் கருவி உறுத்தும். சிறிய அளவு கருவி இருக்கிறது, மெதுவாக வைக்கச் சொல்லலாம், நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கூட ஒரு நர்ஸ் இருப்பார். மகள் உள்ளே இருக்கட்டும் என்றாலும் சரி.

அடுத்தது ஸ்கேன். வயிற்றின் மேல் வைப்பதை விட, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவி வைத்து எடுப்பதில்தான் உள்சவ்வை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்க முடியும். சிறுநீர் முட்ட உட்கார வேண்டியதில்லை, கழித்துவிட்டுப் படுத்தால் போதும்.

கல்யாணம் ஆகாத அத்தையையோ சித்தியையோ கூட்டி வருபவர்கள் இந்த இடத்தில் தயங்குவார்கள். அவர்களுக்கு வயிற்றின் மேலிருந்து எடுக்கலாம், அது தெளிவாக இல்லாவிட்டால் மயக்கம் கொடுத்து கேமரா வைத்துப் பார்க்கலாம். பரிசோதனைக்கு வழி இல்லை என்று யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை.

"ஸ்கேன்ல மூணு மில்லி, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு மாசம் கழிச்சு மறுபடியும் பட்டிருக்குது. அதுதான் பாத்தாச்சேன்னு விட்டுரலாமா?"

விடக்கூடாது. 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் உள்சவ்வில் புற்றுநோய் இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் முதல் முறை பட்டவருக்கு அங்கே நிறுத்திக்கொள்வது நியாயம்தான். வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு கொடுத்து அனுப்புவோம். இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரண்டு நாள் என்று வைப்பது வழக்கம். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் அந்த டாக்டரைக் கேட்காமல் வைக்கக்கூடாது.

ஆனால் மறுபடியும் பட்டால் அந்தப் பழைய 3 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஆறுதல் அடையக் கூடாது. வேகமாகப் பரவும் வகைகள் சில, சவ்வு தடிக்காமலேயே வரும். திரும்பப் பட்டால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் கேமரா வைத்து. அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் இப்படித்தான் வந்தார். முதல் ஸ்கேன் 3 மில்லிமீட்டர், களிம்பு கொடுத்தோம், ஐந்து மாதத்தில் மறுபடியும். கேமராவில் பார்த்தால் மூலையில் மொச்சைக் கொட்டை அளவு பாலிப். எடுத்துப் பரிசோதித்தோம், சாதாரணச் சதை. பிறகு படவில்லை.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. கல்லடைப்புக்கோ வயிற்று வலிக்கோ ஸ்கேன் எடுத்த இடத்தில் "உள்சவ்வு 6 மில்லி" என்று எழுதியிருக்கும், ரத்தமே பட்டிருக்காது. 4 என்ற கோடு ரத்தம் பட்டவர்களுக்கு மட்டும். படாதவர்கள் அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, உங்களுக்கு வேறு ஆபத்துக் காரணங்கள் உண்டா என்று பார்த்து முடிவெடுக்கலாம். டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே ஸ்கேனில் சவ்வைத் தடிப்பாகக் காட்டும். அவர்களுக்கு ரத்தம் பட்டால் மில்லிமீட்டரை நம்பாமல் நேராகச் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

"சதை எடுத்துப் பாத்தா, கிளறுனதுல பரவிரும்னு சொல்றாங்களே?"

பரவாது. இந்தப் பயத்தினாலேயே சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சதை எடுத்ததால் நோய் பெரிதாவதில்லை. எடுத்து மூன்று வாரத்தில் நோய் என்று தெரியவரும்போது, எடுத்ததனால் வந்தது என்று தோன்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

செய்முறை இப்படி: பேனா ரீஃபில் தடிமனில், சுமார் 3 மில்லிமீட்டரில் வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று. கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, உள்ளிருக்கும் கம்பியை இழுத்தால் உறிஞ்சும். சவ்வில் துளித்துளியாகக் கொஞ்சம் அதில் ஏறும். மயக்கம் தேவையில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மாதவிடாய் வலி மாதிரி கடுமையாகப் பிசையும், பிறகு குறையும். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் லேசாகப் படும்.

வயதானவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கிக் குழாய் நுழையாமல் போவதும், நுழைந்தும் போதுமான சதை வராமல் போவதும் அடிக்கடி நடக்கும். அப்போது ரிப்போர்ட்டில் "போதுமான திசு இல்லை" என்று வரும். நோய் இல்லை என்பது வேறு, போதுமான திசு இல்லை என்பது வேறு. சவ்வு மெலிந்தவருக்கு அப்படி வருவது இயல்பு, ஆனால் ஸ்கேனில் தடித்திருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மயக்கம் கொடுத்து ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்வோம். கேமராவால் உள்ளே பார்த்து, சந்தேகப்படும் இடத்திலேயே சதை எடுப்பது. கேமரா இல்லாமல் சுரண்டி எடுக்கும் "சுத்தம் பண்ணுவது" சிறு பாலிப்பைத் தாண்டிப் போய்விடலாம்.

"போன வருசம் எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை டெஸ்ட் பண்ணி நல்லா இருக்குன்னாங்க. அது போதாதா?"

அந்த டெஸ்ட்டில் அசிட்டிக் ஆசிட் தடவி வாயைப் பார்ப்பார்கள். சில இடங்களில் பாப் ஸ்மியர் எடுப்பார்கள். இரண்டும் கர்ப்பப்பை வாயைப் பற்றியது. உள்ளே இருக்கும் சவ்வைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. வாய் நன்றாக இருந்து உள்ளே நோய் இருக்கலாம். மேலும் அது ரத்தம் படாத காலத்தில் எடுத்தது. இப்போது பட்டிருக்கிறது என்றால் புதிதாகப் பார்க்க வேண்டும்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தே பதினைஞ்சு வருசம் ஆச்சுங்க. அப்புறம் எப்படி ரத்தம்?"

கர்ப்பப்பை எடுத்த பின் மேல்முனையில் தைத்த இடம் இருக்கிறது, பிறப்புறுப்புச் சுவர் இருக்கிறது, சிலருக்கு வாய்ப்பகுதியை விட்டிருப்பார்கள். வறட்சிதான் அதிகக் காரணம். ஆனால் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். எந்த நோய்க்காக எடுத்தார்கள் என்ற பழைய சீட்டு வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வாருங்கள்.

"அடி இறங்கி இருக்குதுங்க, அதுல உரசித்தான் ரத்தம் வருது."

இருக்கலாம். வெளியே வந்த பகுதி துணியில் உரசிப் புண்ணாகும். வளையம் வைத்திருப்பவர்களுக்கு வளையமும் புண் உண்டாக்கும். ஆனால் அந்தப் புண்ணையும் பார்க்க வேண்டும், சில சமயம் அதிலிருந்தே சதை எடுக்க வேண்டிவரும், உள்சவ்வையும் ஸ்கேனில் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரணம், உள்ளே தெரியாத இன்னொன்று இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இதயத்துக்கு ரத்தம் மெலியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதுவே பதில். மாத்திரையால் அதிகம் கசியலாம், ஆனால் கசிய ஓர் இடம் வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து.

"எங்க மாமியாருக்குத்தானுங்க. வாய் திறக்க மாட்டேங்கறாங்க, ஆஸ்பத்திரின்னா அழறாங்க. நான் எப்படிங்க கூட்டிட்டு வர்றது?"

முதலில் ஆண்கள் இல்லாத நேரம் பாருங்கள். "கேன்சரா இருக்கப் போகுது, கிளம்புங்க" என்றால் இன்னும் பின்வாங்குவார்கள். "அத்தை, இது பெரும்பாலும் வறட்சிதானாம், களிம்பில் போயிருமாம், பாத்துட்டு வந்துரலாம்" என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை. பெண் டாக்டர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பல அம்மாக்களுக்கு உள்ளே பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் முதல் தடை, நோய்ப் பயம் அப்புறம்தான். என்ன செய்வார்கள் என்பதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், படுக்கையில் அவர்கள் உடம்பை இறுக்கிக்கொள்வது குறையும், வலியும் குறையும்.

துணியைத் தனியாக ஊறவைப்பது, பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்திருப்பது, திடீரென்று கோயிலுக்கு வரமாட்டேன் என்பது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இவையெல்லாம் சொல்லாமல் சொல்வது. கேட்டுப் பாருங்கள். நான் சொன்ன அந்த அம்மாவைக் கூட்டி வந்தது மருமகள்தான்.

"செலவு எவ்வளவுங்க ஆகும்? பையன் பனியன் கம்பெனியில, எங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்லை."

அரசு மருத்துவமனையில் பார்வை, ஸ்கேன், சதைப் பரிசோதனை எதற்கும் பணம் கேட்பதில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருப்பூர், கரூர், நாமக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மகளிர் பிரிவு உண்டு. ஆபரேஷன் வரை போக வேண்டியிருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவும். அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டு போய் மருத்துவமனையிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், பழைய ஸ்கேன், ஆபரேஷன் சீட்டு, ரத்தம் பட்ட தேதி எழுதிய ஒரு தாள். தேதி தெரியாவிட்டால் "பங்குனிப் பண்டிகைக்கு முந்தின வாரம்" என்று சொன்னால் போதும், நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம். காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம், சர்க்கரை உள்ளவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். மயக்கம் கொடுக்க வேண்டிய நாள் என்றால் முன்கூட்டியே சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் வெறும் வயிறு.